37 எங்கிருந்து வந்தது? ஒழுங்கு விசாரணைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் ஆண்டு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேபை நடத்துபவன் நான். சென்ற வாரம் என் லேபிலிருந்து உங்களிடம் வந்த இரண்டு நகல் புகார்களுக்கும் ஒரே நாளில் தீர்ப்பு சொன்னீர்கள். இரண்டுமே தலைகீழாகப் போய்விட்டன என்று நினைக்கிறேன். இது உங்கள் மேல் குற்றம் சொல்வதற்காக எழுதும் மடல் இல்லை. குழுவில் சிவில், மெக்கானிக்கல், கணிதத் துறை ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். ஒற்றுமை பார்க்கும் கருவியின் அறிக்கையை எப்படிப் படிப்பது என்று உங்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. அதை நான் முன்பே செய்திருக்க வேண்டும். மற்ற துறைகளிலும் இப்போது இந்தக் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியிருப்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதல் புகாரில் இரண்டு மாணவர்களின் புரோகிராம்கள் ஒத்துப்போவதாக அறிக்கை சொன்னது. ஒன்றில் 64 சதவீதம், மற்றதில் 51. நீங்கள் இரண்டையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள். வேரியபிள் பெயர்கள் ஒன்றுகூடப் பொருந்தவில்லை, ஃபங்ஷன் பெயர்களும் வேறு, அதனால் நகல் இல்லை என்று விட்டுவிட்டீர்கள். இரண்டாவது புகாரில் 78, 74 சதவீதம். எண் பெரியது, பல வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்று. இருவருக்கும் இன்டர்னலில் பூஜ்யம்.

முதல் ஜோடி நகல்தான். இரண்டாவது ஜோடி நகல் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நாம் பயன்படுத்துவது மாஸ் என்ற கருவி. 1994-இல் அலெக்ஸ் ஐக்கன் என்ற பேராசிரியர் உருவாக்கியது. அப்போது அவர் பெர்க்லியில் இருந்தார், பிறகு ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பது முழு ரகசியம் இல்லை. 2003-இல் அவரும் இன்னும் இருவரும் சேர்ந்து அதன் அடிப்படை முறையைக் கட்டுரையாகவே வெளியிட்டுவிட்டார்கள். ‘வின்னோயிங்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நம் ஊரில் முறத்தில் போட்டுப் புடைப்பது என்போமே, அதேதான். எதைப் புடைத்து எறிகிறது, எதை வைத்துக்கொள்கிறது என்பதுதான் விஷயம்.

என் லேபில் கொடுத்த கணக்கு இது: கணுக்களைச் சங்கிலி போல ஒன்றோடொன்று கோத்து வைக்கும் ஒரு லிங்க்டு லிஸ்டில், கொடுக்கப்பட்ட மதிப்புள்ள கணுக்கள் எத்தனை என்று எண்ண வேண்டும், அப்புறம் அவற்றை எல்லாம் நீக்க வேண்டும். முதல் ஜோடியில் ஒரு மாணவனின் எண்ணும் பகுதி இப்படி இருக்கிறது:

```c
while (cur != NULL) {
    if (cur->data == key)
        count = count + 1;
    cur = cur->next;
}
```

மற்றவனுடையது:

```c
while (temp != NULL) {
    if (temp->value == x)
        total = total + 1;
    temp = temp->link;
}
```

கண்ணால் பார்த்தால் வேறு வேறுதான். ஸ்ட்ரக்சருக்குள் இருக்கும் பெயர்களைக்கூட மாற்றியிருக்கிறான். ஆனால் கருவி இதைப் படிக்கத் தொடங்கும்போதே முதல் காரியமாக இடைவெளி, வரி முறிவு, கமென்ட் எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறது. புரோகிராம் எழுதியவர் வைத்த பெயர் எதுவானாலும், `NULL` ஆனாலும், அந்த இடத்தில் ஒரே ஒரு குறியைப் போடுகிறது. இங்கே அதை V என்று வைத்துக்கொள்வோம். எண் வந்தால் N. இப்படிச் செய்தால் மேலே உள்ள இரண்டு துண்டுகளுமே இப்படி ஆகிவிடும்:

```
while ( V != V ) { if ( V -> V == V )
V = V + N ; V = V -> V ; }
```

இரண்டுக்கும் இது ஒன்றேதான், ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. பெயர் மாற்றினால் கருவி ஏமாறும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். பெயரைக் கருவி பார்ப்பதே இல்லை. `cur` என்பதைத் `temp` என்று மாற்ற அரை மணி நேரம் செலவழித்தவன், கருவி முதல் நொடியிலேயே தூக்கிப் போடும் ஒன்றுக்காகத்தான் அதைச் செலவழித்தான். வரிகளின் உள்தள்ளலை மாற்றுவது, கமென்ட் சேர்ப்பது, அடைப்புக்குறியை அடுத்த வரியில் போடுவது எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும்.

இனி ஒப்பிடும் வேலை. மேலே உள்ளதை எண்ணிப் பாருங்கள், 28 டோக்கன்கள். ஒவ்வொரு குறியும் ஒரு டோக்கன். இதை ஐந்து ஐந்தாக, ஒவ்வொரு படி தள்ளித் தள்ளி வெட்டினால் 24 துண்டுகள் வரும். (கருவி நிஜத்தில் எடுக்கும் துண்டு இதைவிடப் பெரியது. விளக்குவதற்கு ஐந்து போதும்.) ஒவ்வொரு துண்டையும் ஹாஷ் செய்து ஓர் எண்ணாக மாற்றுகிறது. அதே ஐந்து டோக்கன்கள் வேறு எந்தக் கோப்பில் வந்தாலும் அதே எண் கிடைக்கும். ஒரு வகுப்பின் எல்லாக் கோப்புகளிலிருந்தும் வரும் எல்லா எண்களையும் சேமித்தால் அளவு பெருகிவிடும் என்பதால், சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கிறது. அந்தத் தேர்வுதான் புடைத்தல்.

எட்டு துண்டுகளின் எண்கள் வரிசையாக இப்படி வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்: 62, 35, 81, 19, 47, 90, 28, 73. நான்கு எண் தெரியும் அளவுக்கு ஒரு சின்ன ஜன்னலை இதன் மேல் நகர்த்துங்கள். முதல் ஜன்னலில் 62, 35, 81, 19. இதில் சிறியது 19, அதை எடுத்துக்கொள்கிறோம். ஜன்னலை ஒரு படி நகர்த்தினால் 35, 81, 19, 47. இப்போதும் 19தான், ஏற்கெனவே எடுத்துவிட்டோம். அடுத்த இரண்டு ஜன்னல்களிலும் 19தான். கடைசி ஜன்னலில் 47, 90, 28, 73. அதில் 28. ஆக எட்டு எண்ணில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டோம். இவைதான் அந்தக் கோப்பின் கைரேகை.

இதில் ஓர் உறுதி ஒளிந்திருக்கிறது. இரண்டு புரோகிராம்களில் எட்டு டோக்கன்கள் தொடர்ச்சியாக ஒன்றாக இருந்தால், அந்த எட்டிலிருந்து நான்கு துண்டுகள் கிடைக்கும். நான்கு துண்டு என்பது சரியாக ஒரு ஜன்னல். இரண்டு கோப்பிலும் அந்த ஜன்னலில் இருக்கும் எண்கள் ஒன்று, அதனால் சிறிய எண்ணும் ஒன்று. எட்டோ அதற்கு மேலோ நீளமான ஒற்றுமை ஒன்றுகூடத் தப்பவே தப்பாது. ஐந்துக்குக் கீழே உள்ள ஒற்றுமை கண்ணில் படவே படாது. எல்லா புரோகிராமிலும் வரும் `V = N ;` மாதிரியான சின்னச் சின்ன ஒற்றுமைகள் புகாராக வராமல் இருப்பதற்காகத்தான் அந்தக் கீழ் வரம்பு.

பெயரை மாற்றினால் மட்டும் போதாது என்று தெரிந்த மாணவன் அடுத்து என்ன செய்வான்? நடுவில் ஒரு `printf` வரியைச் செருகுவான். அது எந்த இடத்தில் நுழைகிறதோ அந்த இடத்தைத் தாண்டிச் செல்லும் துண்டுகள்தான் உடையும். ஐந்து நீளத் துண்டு என்றால் அதிகபட்சம் நான்கு. 24-இல் 20 அப்படியே நிற்கும். ஃபங்ஷன்களின் வரிசையை மாற்றி, கீழே இருந்ததை மேலே கொண்டுபோவான். கைரேகை எங்கே கிடைத்தது என்பது ஒப்பிடும்போது கணக்கில் வராது, அதனால் பயனில்லை. `while` சுற்றை `for` ஆக மாற்றுவான். இது கொஞ்சம் உண்மையான மாற்றம்தான், சில துண்டுகள் போகும். ஆனால் உள்ளே இருக்கும் `if` தொடங்கி எண்ணிக்கையைக் கூட்டும் வரி முடிய, முன்னால் உள்ள `{` உடன் சேர்த்து 15 டோக்கன்கள் தொடப்படாமல் கிடக்கும். எட்டே போதும் என்று மேலே பார்த்தோம்.

ஜேபிளாக் என்று இன்னொரு கருவி உண்டு, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் 1996-இல் தொடங்கியது. அது இன்னும் ஒரு படி மேலே போய் ‘இங்கே ஒரு சுற்று தொடங்குகிறது’, ‘இங்கே ஒரு மதிப்பு கொடுக்கப்படுகிறது’ என்ற அளவிலேயே புரோகிராமைப் பார்க்கும். வழி வேறு என்றாலும் பெயரைத் தூக்கி எறிவதில் இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே முதல் புகாரில் நீங்கள் சொன்ன காரணம் நிற்காது. பெயர்கள் வேறாக இருப்பது நகல் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஆனால் இங்கேயே நிறுத்தினால் நானும் தவறுதான் செய்கிறேன். பெயரை எல்லாம் V ஆக்கிய பிறகு ஒன்றாகத் தெரிகிறது என்பது மட்டும் நகலுக்குச் சான்று ஆகுமா? ஆகாது. மேலே காட்டிய ஐந்து வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். லிங்க்டு லிஸ்டில் எண்ணு என்றால் உலகத்தில் யார் எழுதினாலும் அப்படித்தான் எழுதுவார்கள். என் வகுப்பில் 63 பேர். அந்த ஐந்து வரியை ஏறக்குறைய அதே வடிவில் எழுதியவர்கள் பாதிக்கு மேல் இருக்கும். கருவி இது நகல் என்று சொல்வதில்லை. இது நகலா என்று முடிவு செய்ய மனிதர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஐக்கனே தன் இணையப் பக்கத்தில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்.

அந்த மனிதர் எதைப் பார்க்க வேண்டும்? பல வருடம் இதைச் செய்ததில் நான் கண்டது இதுதான்: கருவி புடைத்து எறிந்ததைத்தான் ஆசிரியர் கீழே குனிந்து பொறுக்க வேண்டும். பெயர், எண், கமென்ட், தேவையில்லாத வரி, எழுத்துப் பிழை. கருவி எந்த இரண்டு கோப்பைப் பார்க்க வேண்டும் என்று கை காட்டுகிறது. அங்கே போனபின் அது பார்க்காத விஷயங்களில்தான் கதை இருக்கிறது.

முதல் ஜோடியின் நீக்கும் ஃபங்ஷனில் ஒரு பகுதியைக் காட்டுகிறேன். முதல் மாணவன்:

```c
free(cur);
count = count + 1;
if (count > 37) break;
cur = nxt;   /* cur NULL aana stop */
```

இரண்டாமவன்:

```c
free(temp);
total = total + 1;
if (total > 37) break;
temp = after;   /* cur NULL aana stop */
```

மூன்றாவது வரியைப் பாருங்கள். 37-க்கு மேல் நீக்கினால் நிறுத்து என்கிறது. கணக்கில் இப்படி ஒரு வரம்பு இல்லை. 50 கணுக்கள் இருக்கும் லிஸ்டைக் கொடுத்து எல்லாவற்றையும் நீக்கச் சொன்னால் இரண்டு புரோகிராமும் 38-ஐ நீக்கிவிட்டு நின்றுவிடும். நான் லேபில் சோதிக்கும் லிஸ்டுகள் பத்துப் பதினைந்து கணுக்கள்தான், அதனால் இருவருக்கும் வெளியீடு சரியாக வந்துவிட்டது. கருவிக்கு இந்த 37 தெரியாது. அதற்கு அது வெறும் N. அந்த இடத்தில் 100 இருந்திருந்தாலும் அதே N-தான். ஆனால் எனக்கு, இந்த மொத்தப் புகாரிலும் கனமான ஒரே சான்று அந்த இரண்டு இலக்கம்தான். மற்ற 61 கோப்புகளிலும் தேடிப் பார்த்தேன். இப்படி ஒரு வரி எங்கும் இல்லை, 37 என்ற எண்ணே இல்லை.

முதல் மாணவனைக் கூப்பிட்டு, “தம்பி, இந்த 37 எதுக்கு?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தான். “சார், முதல்ல எழுதினப்போ சுற்று நிக்கவே இல்ல. திரை முழுக்க ஓடிக்கிட்டே இருந்துச்சு. எப்படியாவது நிக்கட்டும்னு என் ரோல் நம்பரைப் போட்டேன். அப்புறம் பிழையைக் கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டேன், இந்த வரியை எடுக்க மறந்துட்டேன்” என்றான். அவன் ரோல் நம்பர் 37. முதலில் என்ன பிழை என்று கேட்டதற்கு, `nxt` இல்லாமல் எழுதியிருந்ததையும், `free` செய்த கணுவுக்குள் போய் அடுத்த முகவரியைத் தேடியதையும் போர்டில் வரைந்து காட்டினான்.

இரண்டாமவனிடமும் அதையே கேட்டேன். “லிமிட் சார்” என்றான். எதற்கு லிமிட் என்றால் பதில் இல்லை. “லிஸ்டில் ஒரே ஒரு கணு இருந்து, அதையும் நீக்கிவிட்டால் உன் புரோகிராமில் எந்த வரி ஓடும்?” என்றேன். வரிகளைத் தடவிக்கொண்டே இருந்தான். அப்புறம் அந்தக் கமென்டைக் காட்டினேன். அவன் புரோகிராமில் `cur` என்று ஒரு வேரியபிளே கிடையாது. கமென்டில் மட்டும் `cur` எப்படி வந்தது? பெயர்களை எல்லாம் மாற்றியவன் கமென்டைத் தொட மறந்திருக்கிறான். இருவரும் ஒரே இடத்திலிருந்து எடுத்தார்களா, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதைக் கருவியின் அறிக்கை ஒருபோதும் சொல்லாது. அதற்கு இரண்டு கோப்பும் சமம். இங்கே ரோல் நம்பரும் மறந்துபோன அந்தக் கமென்டும் திசையைச் சொல்கின்றன.

ஒரே தவறு இருவரிடமும் இருப்பது நல்ல சான்று என்று பொதுவாகச் சொல்வார்கள். சொல்பவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். எந்தத் தவறு என்பது முக்கியம். தலைக்கணுவை நீக்கும்போது `*head`-ஐ மாற்ற மறப்பது என் வகுப்பில் வருடா வருடம் பத்துப் பதினைந்து பேர் செய்யும் தவறு. இரண்டு பேரிடம் அது இருந்தால் இரண்டு பேரும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் என்றுதான் அர்த்தம். யாரும் செய்யாத தவறு, காரணமே சொல்ல முடியாத ஒரு வரி, கூப்பிடப்படாமலே கிடக்கும் ஒரு ஃபங்ஷன், இவை இரண்டு பேரிடம் மட்டும் இருந்தால்தான் கேள்வி எழ வேண்டும். அதனால்தான் மற்ற 61 கோப்புகளிலும் தேடினேன். அந்தத் தேடல் இல்லாமல் 37-ஐ வைத்து நானும் ஒன்றும் பேசியிருக்க மாட்டேன்.

இந்த ஜோடியில் சதவீதம் ஏன் 64, 51 என்று இரண்டு எண்ணாக வந்தது என்றும் குழுவில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். ஒவ்வொரு எண்ணும் அந்தந்தக் கோப்பில் எவ்வளவு பங்கு ஒத்துப்போகிறது என்பது. ஒத்துப்போகும் பகுதி ஒன்றுதான், ஆனால் இரண்டாமவனின் கோப்பு நீளம், அதனால் பங்கு குறைகிறது. சின்ன எண்ணுக்குரியவன் குறைவாக நகலெடுத்தான் என்று அர்த்தம் இல்லை. பார்க்க வேண்டியது பக்கத்தில் இருக்கும் ‘ஒத்த வரிகள்’ என்ற பத்தியை. இங்கே அது 58.

இனி இரண்டாவது ஜோடி. இவர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன், தண்டனை வாங்கியவர்கள் இவர்கள்தான்.

இந்தக் கணக்குக்கு நான் மாணவர்களுக்கு ஒரு தொடக்கக் கோப்பு கொடுத்தேன். மெனு, `switch`, லிஸ்டை உருவாக்குவது, அச்சிடுவது எல்லாம் அதில் இருக்கும், அவர்கள் எழுத வேண்டியது எண்ணுவதும் நீக்குவதும் மட்டும். அந்தத் தொடக்கக் கோப்பு 88 வரி. இந்த இருவரின் முழுப் புரோகிராம்கள் ஏறக்குறைய 130 வரி. அதாவது அவர்கள் கொடுத்த கோப்பில் மூன்றில் இரண்டு பங்கு நான் எழுதியது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது என்று நீங்கள் குறிப்பிட்ட வரிகள் என் வரிகள்.

கருவி இதைத் தானாகவே கவனித்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். கவனிக்கும், சரியாகக் கொடுத்தால். பத்துக்கு மேற்பட்ட கோப்புகளில் ஒரே பகுதி வந்தால், அது எல்லோருக்கும் பொதுவானது என்று எடுத்துக்கொண்டு மாஸ் அதை விட்டுவிடும். பத்து என்பது நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது வைத்துக்கொள்ளும் அளவு. 63 கோப்பையும் சேர்த்து ஓட்டியிருந்தால் என் 88 வரிகள் 63 இடத்தில் வந்திருக்கும், கருவியே அவற்றைத் தள்ளியிருக்கும். ஆனால் யாரோ ஒருவர் சந்தேகப்பட்டுப் புகார் சொன்ன இரண்டு கோப்புகளை மட்டும் தனியாக எடுத்து ஓட்டியிருக்கிறார்கள். இரண்டே கோப்பைப் பார்க்கும் கருவிக்கு எது பொதுவானது என்று எப்படித் தெரியும்? அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, 78 என்றது.

தொடக்கக் கோப்பைக் கையோடு கொடுப்பதற்கும் வழி இருக்கிறது. கட்டளை இவ்வளவுதான்:

```
./moss -l c -b skeleton.c -d */list.c
```

`-b`-க்குப் பின்னால் வருவது ஆசிரியர் கொடுத்த கோப்பு. அதில் இருப்பது எதுவும் ஒற்றுமைக் கணக்கில் சேராது. இப்படி எல்லாக் கோப்புகளோடும் சேர்த்து நான் மறுபடி ஓட்டினேன். இந்த ஜோடி 11, 10 என்று இறங்கிப் பட்டியலின் அடியில் எங்கோ போய்விட்டது. முதல் ஜோடியோ பட்டியலின் உச்சியில்தான் இருக்கிறது, நான் உங்களிடம் அனுப்பிய 64-உம் இப்படி ஓட்டி வந்ததுதான்.

மீதி இருக்கும் அந்தப் பதினொன்றையும் பார்த்துவிட்டேன். அது கணக்கில் கேட்காத ஒரு ஃபங்ஷன், லிஸ்டின் கடைசியில் சேர்ப்பது. இருவரும் நான் போர்டில் எழுதிப் போட்டதையே எழுதியிருக்கிறார்கள். போர்டில் எழுதியதையும் தொடக்கக் கோப்போடு சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டியது நான். அது என் தவறு, இனிமேல் சேர்க்கிறேன். நீக்கும் ஃபங்ஷனில் இருவரின் வழியும் வேறு. ஒருத்தி முன்கணுவைத் தனியாக வைத்துக்கொண்டு நடக்கிறாள், இன்னொருத்தி சுட்டியைச் சுட்டும் சுட்டியை வைத்து `*head`-க்கென்று தனி நிபந்தனையே இல்லாமல் முடித்திருக்கிறாள். இரண்டாவது வழியை நான் வகுப்பில் சொல்லவே இல்லை. நகலெடுத்தவள் என்று நாம் பெயர் வைத்த பெண் வகுப்பிலேயே நல்ல நீக்கும் ஃபங்ஷனை எழுதியிருக்கிறாள்.

இதே கருவியில் இன்னும் இரண்டு ஓட்டைகள் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்னக் கணக்குகளுக்கு இது உதவாது. ஃபாக்டோரியல், பகா எண், இரண்டு மேட்ரிக்ஸைப் பெருக்குவது, இவற்றை எழுத ஒன்றிரண்டு வழிகள்தான் இருக்கின்றன, எந்த இருவரை எடுத்தாலும் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். முதலாண்டு லேபிலிருந்து இப்படி ஒரு புகார் வந்தால் தயவுசெய்து சதவீதத்தைப் பார்க்கவே வேண்டாம். இன்னொன்று, கொடுக்காத கோப்போடு அது ஒப்பிடாது. சென்ற வருட சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து ஒருவன் மட்டும் எழுதினால், இந்த வருடக் கோப்புகளுக்குள் அவனுக்கு ஜோடியே இருக்காது, அறிக்கை சுத்தமாக வரும். அதனால் கணக்கை மாற்றாத வருடங்களில் முந்தைய ஆண்டின் கோப்புகளையும் சேர்த்தே ஓட்டுகிறேன்.

இப்போது உங்களிடம் கேட்பது. இரண்டாவது ஜோடியின் பூஜ்யத்தை ரத்து செய்யுங்கள். இன்டர்னல் மதிப்பெண் பதிவேற்றும் நாளுக்கு முன்பே இது நடக்க வேண்டும், பதிவேற்றிவிட்டால் திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்கே தெரியும். அந்த இரண்டு மாணவிகளையும் கூப்பிட்டு நேரில் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையில் பெயர் போட்டுத்தான் தண்டனையைச் சொன்னோம், அதே பலகையில் திருத்தமும் வர வேண்டும்.

முதல் ஜோடியை மறுபடி விசாரியுங்கள். ஆனால் இருவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். முதலில் எழுதியவன் தன் கோப்பைத் தெரிந்தே கொடுத்தானா என்பது எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. லேபில் 14-ஆம் கணினியில் தன் கணக்கை மூடாமல் எழுந்து போனதாகச் சொல்கிறான், அடுத்த பேட்ச்சில் அதே கணினியில் உட்கார்ந்தது இரண்டாமவன். சர்வரில் இருவரின் கோப்புகளும் சேமிக்கப்பட்ட நேரங்கள் இருக்கின்றன. முதலாமவனின் கோப்பு மூன்று நாளில் பதினாறு முறை சேமிக்கப்பட்டு வளர்ந்திருக்கிறது. இரண்டாமவனுடையது ஒரே மாலையில் முழுதாக வந்திருக்கிறது. இதைக் குழுவின் முன் வைக்கத் தயாராக இருக்கிறேன்.

இனி வரும் புகார்களில் ஒன்று மட்டும் செய்தால் போதும். அறிக்கையோடு அந்த லேபை நடத்தும் ஆசிரியரின் ஒரு பக்கக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். எத்தனை கோப்புகளைச் சேர்த்து ஓட்டியது, தொடக்கக் கோப்பைக் கழித்ததா, கழித்த பின் மிஞ்சிய ஒற்றுமை எந்த வரிகளில், அந்த வரிகள் மற்றவர்களிடமும் இருக்கின்றனவா, மாணவரிடம் அந்த வரியைக் காட்டிக் கேட்டபோது என்ன சொன்னார் என்று அதில் இருக்க வேண்டும். இந்தக் குறிப்பு இல்லாமல் வரும் சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், அது என்னிடமிருந்து வந்தாலும்.

63 கோப்புகளும் புது அறிக்கையும் அச்சில் என் மேசையில் இருக்கின்றன. செவ்வாய், வியாழன் மதியம் லேபில்தான் இருப்பேன். நீங்கள் வந்தால் அந்த நான்கு பேரின் கோப்புகளையும் திறந்து வைத்து வரி வரியாகக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் ஆசிரியர்